பாதியில் விடுவதும் அடுத்ததை எடுப்பதும்

தலைமாட்டில் ரொம்ப நாளாகக் கிடக்கும் அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுக் காகிதமும் வேண்டும். இந்த அத்தியாயத்துக்கு இவை போதும்.

அந்தப் புத்தகத்தைப் படித்து முடிப்பதா, விட்டுவிடுவதா என்று இன்றே தீர்மானிக்கப் போகிறோம். விடுவதாக முடிவானால், எதனால் விட்டோம் என்பதை அந்தத் துண்டுச் சீட்டில் ஒரு வரி எழுதப் போகிறோம். அடுத்த புத்தகத்தைத் தேர்ந்தெடுக்க அந்த வரிதான் உதவும். காரணம் தெரியாமல் விட்டவர்கள் பெரும்பாலும் அதே மாதிரி இன்னொரு புத்தகத்தை வாங்கி அதிலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

அலுப்பு எங்கிருந்து வருகிறது?

ஒரே பத்தியை மூன்றாம் முறை படிக்கிறீர்கள். இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறீர்கள். நேற்று எங்கே விட்டீர்கள் என்பதே நினைவில்லை. அலுப்புக்கு இவை போதுமான அடையாளங்கள். ஆனால் புத்தகம்தான் குற்றவாளி என்று உடனே முடிவு கட்டிவிடாதீர்கள். கீழே உள்ளவற்றை இதே வரிசையில் சோதித்துப் பாருங்கள். வரிசை முக்கியம், ஏனென்றால் சுலபமாகச் சரிசெய்யக்கூடியது முதலில் வருகிறது.

1. கண். வயது நாற்பதை ஒட்டியோ தாண்டியோ இருந்தால் முதல் சந்தேகம் கண்மீது. வெள்ளெழுத்து ஒரே நாளில் வந்து நிற்பதில்லை. முதலில் ராத்திரிப் படிப்புதான் அலுக்கும். நாலு பக்கத்தில் தூக்கம் வரும், நெற்றி வலிக்கும். நாமோ புத்தகம் போர் என்று நினைத்துக்கொள்வோம். இரவில் அலுத்த அதே பக்கத்தை மறுநாள் காலை பத்து மணிக்கு ஜன்னலோரம் உட்கார்ந்து படியுங்கள். சரளமாக ஓடினால் புத்தகத்தில் பிழையில்லை. புத்தகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப் பிடிக்கிறீர்களா என்று வீட்டில் ஒருவரைக் கவனித்துச் சொல்லச் சொல்லுங்கள். அப்படியென்றால் கண் மருத்துவரைப் பார்த்த பிறகு இந்த அத்தியாயத்துக்குத் திரும்பி வரலாம்.

2. நேரமும் போனும். படுக்கையில் கண் செருகும் நேரத்தில் மட்டுமே திறந்த புத்தகத்துக்கு நியாயம் கிடைத்திருக்காது. போனை வேறு அறையில் வைத்துவிட்டு, தூக்கம் வராத நேரமாகப் பார்த்து அரை மணி நேரம் உட்காருங்கள். ஒருமுறை போதும்.

3. பதிப்பு. பழைய நாவல்கள் பலவற்றுக்கு இன்று ஒன்றுக்கு மேற்பட்ட பதிப்புகள் கிடைக்கின்றன. கல்கியின் நாவல்களையே எத்தனையோ பதிப்பகங்கள் போடுகின்றன. சில மலிவுப் பதிப்புகளில் எழுத்து பொடியாக இருக்கும், வரிகள் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும், அச்சுப்பிழையும் தாராளம். மொழிபெயர்ப்பு என்றால் மொழிபெயர்த்தவர் யார் என்றும் பாருங்கள். உரையாடல் வரும் பக்கம் ஒன்றை வாய்விட்டுப் படியுங்கள். மனிதர் எவரும் அப்படிப் பேசமாட்டார் என்று தோன்றினால், அலுப்பூட்டியவர் மூல ஆசிரியராக இல்லாமலும் இருக்கலாம். வேறு மொழிபெயர்ப்பு இருக்கிறதா என்று தேடுங்கள்.

4. வேகம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வாராவாரம் வந்த தொடர். போன வாரம் நடந்ததை வாசகர் மறந்திருப்பார் என்பதற்காகத் தொடர்கதை எழுதுகிறவர்கள் சில விஷயங்களைத் திரும்பச் சொல்வார்கள். அத்தியாய முடிவில் ஒரு முடிச்சையும் போடுவார்கள். இதை விடுமுறையில் ஒரே மூச்சில் முடிக்கப் பார்த்தால் திரும்பச் சொல்வது எரிச்சலாகவும் முடிச்சுகள் ஒரே மாதிரியாகவும் தெரியும். நாளுக்கு இரண்டு மூன்று அத்தியாயம் என்று வைத்துக்கொண்டால் அதே நாவல் வேறு மாதிரி இருக்கும். தொடராக வந்த எந்த நாவலுக்கும் இது பொருந்தும்.

வட்டார வழக்கு நாவலாக இருந்தால் இன்னொன்றும் செய்யலாம். பின்பக்கத்தில் சொல்லகராதி சேர்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். சேர்த்திருந்தும் நூற்றைம்பதாம் பக்கம் வரை அதைக் கவனிக்காதவர்கள் உண்டு. கரிசல் பக்கத்து எழுத்துக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்க வேண்டாம். முப்பது பக்கம் போனால் பாதிச் சொற்கள் இடத்தை வைத்தே பிடிபட்டுவிடும்.

இந்த நாலையும் பார்த்தாகிவிட்டது, இன்னும் அலுப்பாகவே இருக்கிறது என்றால் அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

எத்தனை பக்கம் கொடுக்கலாம்?

சியாட்டில் நகரத்தில் நூலகராக இருந்த நான்சி பெர்ல் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். ஐம்பது வயதுவரை எந்தப் புத்தகத்துக்கும் ஐம்பது பக்கம் கொடுக்க வேண்டும். அதற்கு மேற்பட்டவர்கள் நூறிலிருந்து வயதைக் கழித்து மிச்சம் வருவதைக் கொடுத்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். நூறு வயதானவர் அட்டையைப் பார்த்தே முடிவு செய்துகொள்ளலாம்.

கணக்கு அழகானது. ஆனால் தமிழ்ப் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்று பார்த்தால் சில இடங்களில் இடிக்கிறது. நான் இப்படி மாற்றிக்கொள்வேன்:

- இருநூறு முந்நூறு பக்க நாவலுக்கு ஐம்பது பக்கம் சரியாக இருக்கும்.
- எண்ணூறு, ஆயிரம் பக்க நாவலுக்கு ஐம்பது போதாது. அதில் ஊரும் குடும்பங்களும் அறிமுகமாவதற்கே அவ்வளவு ஆகும். முதல் பாகம் முடியும் வரை, அல்லது நூறு பக்கம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை கொடுங்கள்.
- சிறுகதைத் தொகுப்பில் பக்கக் கணக்கு உதவாது. மூன்று கதை படியுங்கள்: தலைப்புக் கதை, கடைசிக் கதை, நடுவில் கையில் சிக்கும் ஏதாவது ஒன்று. மூன்றும் ஒட்டவில்லையென்றால் மூடலாம். முதல் கதையை மட்டும் படித்துவிட்டுத் தொகுப்பை ஒதுக்குவதுதான் இதில் பலரும் செய்யும் தவறு.
- கட்டுரை நூல், வரலாற்று நூல் என்றால் பொருளடக்கத்தைத் திறந்து, நீங்கள் எதைத் தெரிந்துகொள்ள வாங்கினீர்களோ அந்த அத்தியாயத்துக்கு நேரே போங்கள். அதுவே அலுத்தால் மற்றவை காப்பாற்றப் போவதில்லை.

வேண்டுமென்றே வாசலைக் குறுக்கி வைக்கும் எழுத்தாளர்களும் உண்டு. உம்பர்ட்டோ எக்கோவின் 'ரோஜாவின் பெயர்' நாவலைக் கையெழுத்துப் பிரதியில் படித்த நண்பர்களும் பதிப்பாசிரியர்களும் முதல் நூறு பக்கத்தைச் சுருக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். மடாலயத்தின் நடையோடு ஒத்துப்போக முடியாதவர் மலையடிவாரத்திலேயே நின்றுகொள்ளட்டும் என்பது அவர் கட்சி. நீங்கள் அடிவாரத்திலேயே நின்றுவிட்டால் அதில் அவருக்கும் வருத்தமில்லை, உங்களுக்கும் வேண்டாம்.

எல்லைப் பக்கத்தை முன்கூட்டியே பென்சிலால் குறித்துவிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் குறிக்காதவர்கள் எல்லையைத் தள்ளிக்கொண்டே போவார்கள். "இன்னும் பத்துப் பக்கம் பார்ப்போம்" என்பதிலேயே மூன்று மாதம் ஓடிவிடும். அந்த மூன்று மாதமும் வேறு எதையும் படித்திருக்க மாட்டார்கள். அலுப்பான புத்தகத்தின் பெரிய ஆபத்து இதுதான். அது தன்னைப் படிக்கவிடாததோடு மற்றவற்றையும் தடுத்துக்கொண்டு நிற்கும்.

துண்டுச் சீட்டு எழுதும் முறை

எல்லைப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, அதைத் திறக்காமலே எழுதுங்கள்.

1. தேதி, நின்ற பக்கம்.
2. இதுவரை நினைவில் நிற்கும் ஒரு காட்சி அல்லது ஒரு ஆள். ஒன்றுமே நினைவில்லையென்றால் அதையும் எழுதலாம்.
3. எது அலுத்தது? ஒரு வரி.

மூன்றாவது வரியில்தான் கவனம் வேண்டும். "போர்", "ஓடல", "சுமார்" என்று எழுதிப் பயனில்லை. எது என்று சொல்ல வேண்டும். ஆட்கள் அதிகம், யார் யாருக்கு உறவு என்று பிடிபடவில்லை. எல்லாரும் ஒரே மாதிரி பேசுகிறார்கள். வர்ணனை நீளுகிறது, எதுவும் நடக்க மாட்டேன் என்கிறது. ஆசிரியர் கதையை நிறுத்திவிட்டுப் பாடம் எடுக்கிறார். சோகம் தாங்கவில்லை, இப்போது இது வேண்டாம். இப்படி எழுதினால் அடுத்த தடவை எதைத் தவிர்க்க வேண்டும் என்பது கையெழுத்தோடு உங்களிடம் இருக்கும்.

கடைசியாகச் சொன்ன காரணம் அலுப்புபோல் தெரிந்தாலும் அலுப்பு அல்ல. வீட்டில் ஒரு சாவு விழுந்த மாதத்தில் மரணத்தைப் பற்றிய நாவல் நகராது. அந்தப் புத்தகத்தை விடக் கூடாது, தள்ளி வைக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

விடுவதில் மூன்று வகை

தள்ளி வைப்பது: புத்தகம் பிடிக்கும், நேரம்தான் சரியில்லை. சீட்டை நின்ற பக்கத்தில் செருகி அலமாரியில் ஏற்றுங்கள். தலைமாட்டில் வைக்காதீர்கள். கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் அது நினைவூட்டலாக இல்லாமல் நச்சரிப்பாகிவிடும்.

தாவிப் படிப்பது: கதை என்ன ஆனது என்று தெரிய வேண்டும், நடுவில் உள்ளதுதான் முடியவில்லை. ஒவ்வொரு அத்தியாயத்திலும் முதல் பக்கம், கடைசிப் பக்கம் என்று தாவிப் போங்கள். எங்காவது காட்சி பிடித்து இழுத்தால் அங்கே நின்று முழுதாகப் படியுங்கள். இப்படிப் படித்ததைப் "படித்துவிட்டேன்" என்று சொல்லிக்கொள்ளலாமா என்று சிலர் கேட்பார்கள். பரீட்சை வைப்பவர் எவரும் இல்லை.

விட்டுவிடுவது: சீட்டை எடுத்து உங்கள் நோட்டில் ஒட்டிவிட்டுப் புத்தகத்தை வீட்டிலிருந்து அனுப்புங்கள். பிடிக்கக்கூடிய நண்பருக்கோ, கிளை நூலகத்துக்கோ, பழைய புத்தகக் கடைக்கோ. நூலகத்துக்குக் கொடுக்கும்முன் வாங்கிக்கொள்வார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாக் கிளையும் எல்லாவற்றையும் வாங்காது. இரவல் புத்தகம் என்றால் உடனே திருப்பிக் கொடுங்கள். படிக்காமல் வைத்திருக்கும் இரவல் புத்தகம்தான் நட்பைக் கெடுக்கும்.

மனசு உறுத்தினால்

உறுத்தல் பல இடத்திலிருந்து வருகிறது. எங்கிருந்து என்று தெரிந்தால் பாதி குறைந்துவிடும்.

*காசு.* அறுநூறு ரூபாய் கொடுத்து வாங்கியதை எப்படி விடுவது? ஹால் ஆர்க்ஸ், கேத்தரின் ப்ளூமர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1985-இல் ஒரு சோதனையை எழுதினார்கள். ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கில் ஆண்டு முழுவதற்குமான டிக்கெட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்குத் தள்ளுபடியிலும் விற்றார்கள். யாருக்குத் தள்ளுபடி என்பது குருட்டாம்போக்கில்தான் தீர்மானமானது. முதல் அரையாண்டில் முழு விலை கொடுத்தவர்கள் அதிக நாடகங்களுக்கு வந்தார்கள். அவர்களுக்கு நாடக ஆசை கூடுதலாக இருந்திருக்கக் காரணமில்லை. கொடுத்த காசுதான் அவர்களை இழுத்துக்கொண்டு வந்தது. இரண்டாம் அரையாண்டில் அந்த வித்தியாசமும் மறைந்துபோனது. உங்கள் அறுநூறு ரூபாயும் கடையிலேயே செலவாகிவிட்டது. இனி செலவாகப்போவது உங்கள் மாலை நேரம்தான்.

*மரியாதை.* புத்தகம் காலில் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீடுகளில் வளர்ந்தவர்கள் நாம். சரஸ்வதி பூஜைக்கு அடுக்கி வைத்ததைப் பாதியில் மூடுவது ஏதோ அபசாரம்போல் இருக்கும். சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலகவியலின் ஐந்து விதிகளை வெளியிட்டார். நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காம் விதி. வாழ்நாள் முழுவதும் புத்தகத்தோடு கிடந்த மனிதர் வாசகரின் நேரத்துக்கு ஒரு தனி விதியே ஒதுக்கியிருக்கிறார். மூடிய புத்தகத்தைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வையுங்கள், தப்பில்லை.

*பெரிய பெயர்.* விருது வாங்கியது, எல்லாரும் கொண்டாடுவது, நமக்குத்தான் மண்டை போதவில்லையோ என்ற சந்தேகம். ரங்கநாதனின் இன்னும் இரண்டு விதிகளை இங்கே சேர்த்துப் படிக்கலாம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் உண்டு, ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் உண்டு. நீங்கள் அந்த நூலுக்கான வாசகர் இல்லை, அல்லது இப்போதைக்கு இல்லை. ஒரே ஒரு நிபந்தனை: விட்ட புத்தகத்தைப் பற்றிப் பேசும்போது "நூறு பக்கத்தில் நிறுத்திவிட்டேன்" என்று சேர்த்துச் சொல்லுங்கள். முழுதாகப் படித்தவர்போல் தீர்ப்புச் சொல்வதைவிட அது நேர்மை.

*கொடுத்தவர்.* மாமா பிறந்தநாளுக்குக் கொடுத்தது, நண்பர் தானே எழுதியது. மாமாவிடம் "எந்த இடம் உங்களுக்குப் பிடிச்சது மாமா?" என்று கேட்டு, அவர் சொல்லும் அந்த இடத்தை மட்டும் படித்துவிடுங்கள். சில சமயம் அங்கிருந்தே புத்தகம் திறந்துகொள்ளும். நண்பர் எழுதியதாக இருந்தால் விதி வேறு. முழுதாகப் படிக்கத்தான் வேண்டும், தாவியாவது.

விடக் கூடாத சமயங்கள்

காய்ச்சலில், பரீட்சை வாரத்தில், வீடு மாற்றும் களேபரத்தில் எந்தப் புத்தகத்தைப் பற்றியும் தீர்ப்பெழுதாதீர்கள். எல்லாமே அலுக்கும்.

உங்கள் கருத்தோடு மோதுவதால் எரிச்சலூட்டும் புத்தகத்தையும் அவசரப்பட்டு மூடாதீர்கள். எரிச்சலும் அலுப்பும் வேறு வேறு. சோதனை எளிது: மூடி வைத்த பிறகும் மனசுக்குள் ஆசிரியரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தால் அது அலுப்பு இல்லை. இன்னும் கொஞ்சம் படியுங்கள்.

குழந்தை படிக்கும் புத்தகம் என்றால் நேர் எதிர். அவள் விட்டால் விடட்டும். "ஆரம்பிச்சதை முடி" என்று உட்கார வைத்தால் புத்தகம் என்றாலே வீட்டுப்பாடம் என்று ஆகிவிடும்.

அடுத்ததை எடுக்கும் வரிசை

புத்தகத்தை விட்ட அன்றைக்கே அடுத்ததை எடுக்க வேண்டும். ஒரு வாரம் இடைவெளி விட்டால் அந்த அரை மணி நேரத்தைப் போன் எடுத்துக்கொள்ளும்.

1. கடைசியாக எந்தப் புத்தகத்தைச் சோறு தண்ணி மறந்து படித்தீர்கள்? பெயரை எழுதுங்கள். மதிப்பான பெயராக இருக்க வேண்டியதில்லை. ராஜேஷ்குமார் என்றால் ராஜேஷ்குமார்.

2. அதில் உங்களை உள்ளே இழுத்தது எது? நான்சி பெர்ல் இதை நாலு வாசல் என்பார்: கதை, ஆள், இடம், மொழி. ஒவ்வொரு புத்தகத்திலும் நாலும் இருக்கும், ஆனால் ஒன்று அகலமாகத் திறந்திருக்கும். அடுத்து என்ன என்ற பரபரப்பில் புரட்டினீர்கள் என்றால் கதை. தி. ஜானகிராமனின் 'மோகமுள்'ளில் யமுனாவையும் பாபுவையும் விட்டுப் பிரிய மனமில்லாமல் படித்தீர்கள் என்றால் ஆள். ஜோ டி குரூஸின் 'ஆழி சூழ் உலகு' படிக்கும்போது கடற்கரையில் நின்றதுபோல் இருந்தது என்றால் இடம். லா.ச. ராமாமிருதத்தின் ஒரு வாக்கியத்தைத் திரும்பத் திரும்பப் படித்தீர்கள் என்றால் மொழி.

3. இப்போது துண்டுச் சீட்டைப் பக்கத்தில் வையுங்கள். பிடித்த வாசல் ஒரு கையில், அலுத்த காரணம் மறு கையில். முதலாவது இருந்து இரண்டாவது இல்லாத ஒன்றைத் தேட வேண்டும்.

4. விட்டதைவிட மெலிந்த புத்தகமாக எடுங்கள். எண்ணூறு பக்கத்தில் தோற்றவர் உடனே இன்னொரு எண்ணூறில் இறங்க வேண்டாம். நூற்றைம்பது பக்கத்துக்குள் ஒன்றை முடித்தால் கை பழகிவிடும்.

5. ஒன்றை எடுக்காதீர்கள், மூன்றை எடுங்கள். மூன்றிலும் பத்துப் பத்துப் பக்கம் படித்து, எதைக் கீழே வைக்க மனம் வரவில்லையோ அதைத் தொடருங்கள். இதற்கு நூலகம்தான் சரியான இடம். செலவில்லாமல் மூன்று பேரிடம் பேசிப் பார்க்கலாம்.

ஒரு உதாரணம், முழுதாக

வெற்றிமாறனின் 'அசுரன்' படம் (2019) ஒருவருக்குப் பிடித்துப்போகிறது. அது பூமணியின் நாவலிலிருந்து எடுத்தது என்று கேள்விப்படுகிறார். புத்தகக் கண்காட்சியில் பூமணி என்று கேட்கிறார். 2014-இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற 'அஞ்ஞாடி' கண்ணில் படுகிறது. விருது நாவல், அதே எழுத்தாளர், இதைவிட என்ன வேண்டும் என்று வாங்கி வந்துவிடுகிறார். ஆயிரம் பக்கத்துக்கு மேல். தொண்ணூறாம் பக்கத்தில் வண்டி நின்றுவிடுகிறது.

கண் சரி, நேரம் சரி, பதிப்பிலும் குறையில்லை. சீட்டில் எழுதுகிறார்: "நினைவில் நிற்பது அந்த இரண்டு சிறுவர்களின் சிநேகம். அலுத்தது: ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். ஒரு கதையாகப் போக மாட்டேன் என்கிறது."

இந்த ஒரு வரியிலேயே விடை இருக்கிறது. படத்தில் அவரை இழுத்தது கதை வாசல்: துரத்தல், தப்பித்தல், அப்பனும் மகனும். 'அஞ்ஞாடி' அந்த வாசலுள்ள வீடு இல்லை. கரிசல் பூமியின் பல தலைமுறைகளையும், கழுகுமலை, சிவகாசிக் கலவரங்களையும் பரப்பி வைக்கும் நாவல் அது. அதன் அகலமான வாசல் இடம். எழுத்தாளர் ஒருவரே என்றாலும் வடிவம் வேறு. விருதைப் பார்த்து வாங்கியதால் இது தெரியாமல் போயிற்று.

இங்கே பலர் செய்யும் தவறு, "பூமணி எனக்கு ஒத்துவராது" என்று ஆளையே ஒதுக்கிவிடுவது. சீட்டு அப்படிச் சொல்லவில்லை. அவர் எடுக்க வேண்டியது படத்துக்கு மூலமான 'வெக்கை'யை. 1982-இல் வந்த சின்ன நாவல். சம்பவம் முதல் பக்கத்திலேயே நடந்துவிடுகிறது. அதற்குப் பிறகு சிறுவன் சிதம்பரமும் அவன் அப்பாவும் ஊரைவிட்டு ஓடி ஒளியும் நாட்கள்தான் நாவல். படத்தில் பார்த்த பலதும் இதில் இல்லை என்பதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒப்பிட்டு ஏமாறுவார். கரிசல் பேச்சு இங்கேயும் அதே பேச்சுதான். ஆனால் என்ன ஆகுமோ என்ற பதைப்பு கூடவே வருவதால் சொல் புரியாத இடத்திலும் கால் நிற்காது.

'வெக்கை' முடிந்ததும் அதே மண்ணில் இன்னும் கொஞ்சம் இருக்க ஆசை வந்தால் 'பிறகு'. அதுவும் பெரிய நாவல் இல்லை, ஆனால் கதையின் ஓட்டத்தைவிட ஊரின் அன்றாடம் கூடுதல். அதில் அலுக்கவில்லையென்றால் அவருக்கு இட வாசலும் திறந்துகொண்டது என்று அர்த்தம். அப்போது அலமாரியிலிருந்து 'அஞ்ஞாடி'யை எடுத்து, தொண்ணூறாம் பக்கத்தில் இருக்கும் சீட்டைப் படித்துவிட்டு, முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம். ஒரு தாளில் ஆட்களின் பெயரையும் உறவையும் எழுதிக்கொண்டே போனால் முதல் தடவை இருந்த சிக்கல் இருக்காது. 'பிறகு'வும் அலுத்தால் 'அஞ்ஞாடி'யை யாருக்காவது கொடுத்துவிடலாம். 'வெக்கை' போதும் அவருக்கு.

கடையில் நிற்கும்போது

பின்னட்டை வாசகத்தை நம்பாதீர்கள். அது விற்பதற்காக எழுதியது. முன்னுரையையும் விட்டுவிடுங்கள். சில முன்னுரைகள் கதையையே சொல்லிவிடும், சில புத்தகத்தைவிடக் கடினமாக இருக்கும்.

முதல் பக்கத்தைப் படியுங்கள். பிறகு நடுவில் ஏதாவது ஒரு பக்கம். முதல் பக்கத்தை எல்லாரும் சிரத்தையாக எழுதுவார்கள், நடுப் பக்கத்தில்தான் எழுத்தாளர் இயல்பாக நடப்பார். இரண்டையும் நின்றபடியே படித்து, மூன்றாவது பக்கத்தைத் தானாகப் புரட்டினீர்களா என்று பாருங்கள். புரட்டினால் வாங்கலாம். கண்காட்சிக் கூட்டத்தில் இதற்கு இடம் கிடைக்காது. கடைசி ஞாயிறைத் தவிர்த்து வேலைநாள் மதியமாகப் போங்கள். மொழிபெயர்ப்பு என்றால், முழு மொழிபெயர்ப்பா சுருக்கமா என்று உள்பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கிண்டிலில் வாங்குகிறவர்கள் இலவச மாதிரியை இறக்கி, அது தீர்ந்த இடத்தில் பணம் கட்டத் தோன்றுகிறதா என்று பார்த்தால் போதும்.

நண்பரிடம் சிபாரிசு கேட்பதானால் "நல்ல புக் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்காதீர்கள். அவருக்குப் பிடித்ததைச் சொல்வார். "வெக்கை பிடிச்சது, ஆட்கள் அதிகமா இருந்தா எனக்கு ஓடாது, அந்த மாதிரி என்ன இருக்கு?" என்று கேளுங்கள். நூலகரிடமும் பழைய புத்தகக் கடைக்காரரிடமும் இதே கேள்விதான். பழகிய கடைக்காரராக இருந்தால் சீட்டையே காட்டலாம்.

இப்படிப் பார்த்து எடுத்தும் மூன்று புத்தகம் தொடர்ந்து கைவிட்டுப்போனால் நாலாவதைத் தேடாதீர்கள். முன்பு படித்து ரசித்த ஒன்றை மறுபடி எடுங்கள். அது ஓடினால் தேர்வில்தான் எங்கோ பிசகு, சீட்டுகளை ஒன்றாகப் பரப்பி வைத்துப் பாருங்கள். அதுவும் ஓடவில்லையென்றால் முதல் பகுதிக்குத் திரும்பி, கண்ணிலிருந்து ஆரம்பியுங்கள்.